மாவு அரிசி எந்தத் தேதியில் தீரும்?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் சின்ன டிபன் கடை வைத்திருக்கிறேன். ஞாயிறு விடுமுறை. செப்டம்பர் 1, திங்கள் இரவு எண்ணிப் பார்த்தால் இட்லி அரிசி 26 கிலோ மூட்டை ஆறும், பிரித்த மூட்டையில் 14 கிலோவும் இருக்கிறது. தினம் 12 கிலோ ஊற வைப்பதாக மாஸ்டர் சொல்கிறார். மண்டியில் மூன்று நாளில் வரும் என்பார்கள், போன தடவை நாலு நாள் ஆனது. கணக்குப் போட்டும் போன மாதம் இட்லிக்கு அரிசி இல்லாமல் நின்றோம். எங்கே தப்பு? – ஒரு வாசகி, கடலூர்

பதில்: அன்புச் சகோதரி, உங்கள் வகுத்தலில் தப்பில்லை. அந்த 12 கிலோ மேல்தான் எனக்குச் சந்தேகம். மாஸ்டர் சொல்வது சாதாரண நாள் அளவு. கூட்டம் அதிகமான நாளில் கூடுதலாகப் போட்ட ஒரு படி அவர் நினைவில் நிற்காது. அதனால் நாள் செலவை யாரிடமும் கேட்காதீர்கள், இருப்பிலிருந்தே எடுங்கள்.

உங்கள் நோட்டில் இரண்டு வாரத்துக்கு முந்தைய இருப்பைத் தேடுங்கள். ஆகஸ்ட் 18, திங்கள் இரவு 130 கிலோ இருந்தது, அப்புறம் எட்டு மூட்டை, அதாவது 208 கிலோ வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து 338. இப்போது 170 இருப்பதால் செலவானது 168 கிலோ. இதை 14 நாளால் வகுக்கக் கூடாது. ஞாயிறு கடை இல்லை என்பதால் சனிக்கிழமை அரிசி ஊறாது. ஊறிய நாட்கள் 12தான். ஆக நாளுக்கு 14 கிலோ. மாஸ்டர் கணக்கைவிட 2 கிலோ அதிகம். 12 கிலோ என்று நம்பினால் 170 கிலோ 14 நாள் வரும், உண்மையில் 12 நாள்தான்.

அரிசி செலவாகும் நாள் இட்லி விற்கும் நாள் அல்ல, ஊற வைக்கும் நாள். ஆகவே காலண்டரில் சனிக்கிழமையை அடித்துவிட்டு எண்ணுங்கள். திங்கள் இரவு எண்ணியதால் அன்றைய அரிசி ஏற்கெனவே போய்விட்டது, முதல் நாள் செவ்வாய், 2ஆம் தேதி. வெள்ளி வரை நாலு. அடுத்த ஞாயிறு முதல் வெள்ளி வரை ஆறு, மொத்தம் பத்து. பிறகு ஞாயிறு 14, திங்கள் 15. பன்னிரண்டு முடிந்தது, மிச்சம் 2 கிலோ. 16ஆம் தேதி ஊற வைக்க அரிசி இல்லை, 17ஆம் தேதி காலை இட்லி இல்லை. போனில் எக்ஸெல் இருந்தால் B1-இல் எண்ணிய தேதி, B2-இல் இருப்பு, B3-இல் நாள் செலவு போட்டு இப்படி எழுதலாம்:

```
=WORKDAY.INTL(B1,INT(B2/B3),17)
```

17 என்பது சனிக்கிழமை மட்டும் விடுமுறை என்பதன் குறி. INT மீதியை விட்டுவிடும். 12.9 வந்தாலும் அது 12 நாள்தான், 13 என்று முழுசாக்கினால் கடைசி நாள் அரைப் பானை மாவோடு நிற்பீர்கள். விடைக் கட்டத்தைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் செப்டம்பர் 15 என்று வரும்.

சரி, எப்போது ஆர்டர் போடுவது? 15ஆம் தேதிக்குச் சரக்கு வந்தால் போதும் என்று விடாதீர்கள். இரண்டு நாள் அரிசி கையில் இருக்கும்போதே புது மூட்டை இறங்க வேண்டும். வெள்ளி, 12ஆம் தேதி ஊற வைத்த பிறகு உங்களிடம் 30 கிலோ இருக்கும். ஆகவே சனி, 13ஆம் தேதிக்குள் மூட்டை வர வேண்டும். மண்டி சொன்ன மூன்றை எடுக்காதீர்கள், அனுபவத்தில் வந்த நாலை எடுங்கள். வெள்ளி, வியாழன், புதன், செவ்வாய் என்று பின்னால் எண்ணினால் செப்டம்பர் 9, செவ்வாய். அன்று ஆர்டர் போட்டால் புதன் முதல் சனி வரை நாலு நாள் அவர்களுக்கு. நடுவில் மண்டியின் விடுமுறை வந்தால் இன்னும் ஒரு நாள் முன்னால் போங்கள்.

இந்தத் தேதியைச் சுவரில் எழுதியதோடு விட்டுவிடாதீர்கள். செவ்வாய் மாலை ஊற வைத்த பிறகு 72 கிலோ இருக்க வேண்டும். அதற்கு முன்பே, திங்கள் இரவே, 72க்குக் கீழே போயிருந்தால் செலவு கூடியிருக்கிறது, அன்றைக்கே போன் செய்யுங்கள்.

பாடலீஸ்வரர் கோயில் திருவிழா நாட்களைச் சராசரியில் சேர்க்காமல் தனியாக எழுதி வையுங்கள். அக்டோபரில் மழை தொடங்கியதும் நாலு நாளை ஆறாக்கிவிடுங்கள். நம் ஊர்ச் சாலையில் தண்ணீர் நின்றால் லாரி எந்தத் தேதியையும் மதிக்காது.