கடவுச்சொல்லை ஒட்ட விடாத தளங்கள்: தடை எங்கே இருக்கிறது?

கேள்வி: என் வங்கியின் இணையதளத்தில் 20 எழுத்துள்ள கடவுச்சொல்லை காப்பி செய்து ஒட்டினால் பெட்டியில் எதுவும் விழுவதில்லை. ஏன் தடுக்கிறார்கள்? வழி ஏதும் உண்டா?

பதில்: பக்கத்தோடு வந்து இறங்கும் ஒரு சிறு நிரல் வரிதான் இதைச் செய்கிறது. அது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

```
<input type="password" onpaste="return false">
```

ஒட்டும் நிகழ்வு நடந்ததும் உலாவி செய்யவேண்டியதை இந்த வரி ரத்து செய்துவிடுகிறது. தடை உங்கள் உலாவிக்குள்ளேயே நிற்கிறது. நீங்கள் ஒட்டினீர்களா, தட்டினீர்களா என்று வங்கியின் சர்வருக்கு இந்த வரி சொல்வதில்லை. ஆகவே, தானியங்கி நிரல்கள் கடவுச்சொற்களை மாற்றி மாற்றி முயல்வதை இது தடுக்கும் என்ற வாதம் நிற்காது. அந்த நிரல்கள் பக்கத்தைத் திறக்காமலே சர்வருக்கு நேராகக் கோரிக்கை அனுப்பும். கிளிப்போர்டில் கடவுச்சொல் தங்கிவிடும் என்ற அச்சத்தில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் ஒட்ட முயலும்போதே அது கிளிப்போர்டில் ஏறிவிட்டதால், தடுப்பதால் பயன் இல்லை. நடைமுறையில் விளையும் தீங்கோ பெரிது: 20 எழுத்தைக் கையால் தட்டச் சலித்தவர் எளிதில் நினைவில் நிற்கும் சிறிய சொல்லுக்கு மாறிவிடுகிறார். இதனால்தான் பிரிட்டனின் தேசிய இணையப் பாதுகாப்பு மையமும் அமெரிக்காவில் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் நிஸ்ட் அமைப்பும் 2017இலேயே ஒட்டுதலை அனுமதிக்கச் சொல்லிவிட்டன.

ஓரிடத்தில் மட்டும் தடைக்கு நியாயம் உண்டு. பணம் பெறுபவரின் கணக்கு எண்ணை இரண்டாம் முறை கேட்கும் பெட்டியில், முதல் பெட்டியின் தவறான எண்ணையே நகலெடுத்து ஒட்டினால் சரிபார்ப்பு வெறும் சடங்காகிவிடும். அங்கே தடையைத் தாண்ட வேண்டாம், கையாலேயே தட்டுங்கள்.

கடவுச்சொல் பெட்டிக்கு வருவோம். கடவுச்சொற்களைச் சேமித்து வைக்கும் செயலியான கடவுச்சொல் மேலாளரின் தானாக நிரப்பும் வசதியை முதலில் முயலுங்கள். அது ஒட்டும் நிகழ்வை எழுப்பாமல் பெட்டியை நேரடியாக நிரப்புவதால் பெரும்பாலும் தடையில் சிக்காது. சேமித்த முகவரியும் தளத்தின் முகவரியும் பொருந்தினால்தான் நிரப்ப முன்வரும் என்பதால், போலித் தளத்திடமிருந்தும் காக்கும். அது பலிக்காவிட்டால், ஃபயர்ஃபாக்ஸில் `about:config` பக்கத்தைத் திறந்து `dom.event.clipboardevents.enabled` என்பதை `false` ஆக்கி, வங்கிப் பக்கத்தை மீண்டும் ஏற்றி ஒட்டலாம். இந்த அமைப்பு எல்லாத் தளங்களையும் பாதிக்கும். இணையத்தில் ஆவணம் எழுதும் சில தளங்களில் ஒட்டும் வசதி கெடக்கூடும் என்பதால், வேலை முடிந்ததும் `true` ஆக்கிவிடுங்கள். யாரோ அனுப்பிய நிரலை, உலாவியில் நிரல்களை இட்டு இயக்கும் இடமான கன்சோலில் வங்கிப் பக்கத்தின்மேல் இடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அது உங்கள் கணக்கையே அவர் கையில் கொடுத்துவிடலாம்.

ஒட்டியபின் புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். 20 எழுத்துக்கு 15 புள்ளிதான் தெரிந்தால், அந்தப் பெட்டிக்கு நீள வரம்பு இருக்கிறது. மீதி ஐந்து எழுத்து சத்தமில்லாமல் வெட்டப்பட்டுவிட்டது. கடவுச்சொல்லை மாற்றும் பக்கத்தில் இப்படி வெட்டுப்பட்டு, நுழைவுப் பக்கத்தில் வெட்டுப்படாவிட்டால், சரியான சொல்லை இட்டும் "தவறு" என்றே வரும். அப்போது முதல் 15 எழுத்தை மட்டும் இட்டுப் பாருங்கள். கதவு திறந்தால், மேலாளரில் சேமித்ததையும் அந்த 15 எழுத்துக்குக் குறைத்துத் திருத்திவிடுங்கள்.