பருப்பில் எலுமிச்சை: எப்போது, எவ்வளவு பிழிய வேண்டும்?

கேள்வி: வயது 33. பிறையில் தொழிற்சாலை வேலை, சைவம். கிளினிக்கில் ஹீமோகுளோபின் 10.6, ஃபெரிட்டின் 9 என்று வந்தது. இரும்பு மாத்திரை வயிற்றைப் புரட்டியதால் ஒரு வாரத்திலேயே நிறுத்திவிட்டேன். நாலு மாதமாக தினமும் மத்தியானம் பருப்பு, முருங்கைக்கீரை. அம்மா சொன்னபடி பருப்பு கொதிக்கும்போதே அரை எலுமிச்சை பிழிந்துவிடுகிறேன். வேலையிடத்தில் சாப்பாட்டோடு தே ஓ ஐஸ் லீமாவ் குடிப்பேன், அதிலும் எலுமிச்சைதானே. போன வாரம் பார்த்தால் 10.7. எங்கே தப்பு?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: முதலில் அந்த கிளாஸைத் தள்ளி வையுங்கள். தே ஓ ஐஸ் லீமாவ்வில் எலுமிச்சை இருப்பது உண்மைதான். ஆனால் அதில் பிழிகிற இரண்டு மூன்று லீமாவ் கஸ்தூரியில் மொத்தம் 10 மி.லி. சாறு வந்தால் பெரிது, அதில் வைட்டமின் சி சுமார் 3 மி.கி. மீதி முழுக்கத் தேயிலைச் சாயம். தேயிலையில் துவர்ப்பைத் தருகிற பாலிஃபீனால்கள் கீரையிலும் பருப்பிலும் இருக்கிற இரும்பைப் பிடித்துக் கட்டிவிடும். கட்டுண்ட இரும்பு குடலில் இறங்காமல் அப்படியே வெளியே போய்விடும். சாப்பாட்டோடு தேநீர் குடித்தவர்களுக்கு இரும்பு உறிஞ்சுதல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது என்று 2017-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. அதே தேநீரை ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோது பாதிப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. அதனால் தேயை விட வேண்டியதில்லை, சாயங்கால ஓய்வு நேரத்துக்கு மாற்றினால் போதும். காப்பியையும் சாப்பாட்டோடு குடிக்காமல் அந்த நேரத்துக்கே தள்ளிவிடுங்கள்.

அடுத்து, எலுமிச்சை உள்ளே போய் என்னதான் செய்கிறது என்று பார்ப்போம். கீரை, பருப்பில் உள்ள இரும்பு பெரும்பாலும் மூன்று மின்னேற்ற வடிவில் இருக்கும். குடல் சுவரில் இரும்பை உள்ளே விடுகிற வாசலோ இரண்டு மின்னேற்ற வடிவத்தை மட்டும்தான் ஏற்கும். வைட்டமின் சி முதலில் இந்த வடிவ மாற்றத்தைச் செய்து கொடுக்கிறது. இதைவிடப் பெரிய உதவி இன்னொன்று. இரைப்பையின் அமிலத்தில் கரைந்து கிடக்கும் இரும்பு, அமிலம் தணிகிற சிறுகுடலுக்கு வந்ததும் படிந்துபோகப் பார்க்கும். பருப்பில் இருக்கும் ஃபைட்டேட் என்ற பொருளும் அங்கே அதைப் பிடிக்கக் காத்திருக்கும். வைட்டமின் சி இரைப்பையிலேயே இரும்போடு லேசாகக் கைகோத்துக்கொண்டால், அந்த இடத்தைத் தாண்டும்வரை இரும்பு கரைந்த நிலையிலேயே இருக்கும். இந்தச் சந்திப்பு இரைப்பையில் நடக்க வேண்டும் என்பதால் இரண்டும் ஒரே வேளையில் போக வேண்டும். காலையில் சி மாத்திரை போட்டுவிட்டு மத்தியானம் கீரை சாப்பிட்டால் அந்தக் கீரைக்கு ஒரு பயனும் இல்லை.

சரி, எவ்வளவு வேண்டும்? உங்கள் தட்டையே எடுத்துக்கொள்வோம். ஒரு கிண்ணம் வெந்த மைசூர் பருப்பு, இரண்டு கரண்டி முருங்கைக்கீரை, சோறு. எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 5 மி.கி. இரும்பு. ஃபைட்டேட் குறைவான உணவுக்கு, எடையில் இரும்பைப் போல ஆறு மடங்கு வைட்டமின் சி சேர்ந்தால் உறிஞ்சுதல் நன்றாகக் கூடும். ஃபைட்டேட் மிகுந்த பருப்பு, தீட்டாத தானியம் போன்றவற்றுக்கு அதுவே பன்னிரண்டு மடங்கு தேவை. ஆக உங்களுக்கு 30-இலிருந்து 60 மி.கி. வரை வேண்டும்.

இப்போது உங்கள் அரை எலுமிச்சைக்கு வருவோம். பெரிய எலுமிச்சையில் பாதி பிழிந்தால் 20 மி.லி. சாறு. 100 மி.லி. எலுமிச்சைச் சாற்றில் 40 மி.கி.க்குச் சற்றுக் குறைவாகத்தான் வைட்டமின் சி இருக்கும், எனவே உங்கள் கையில் இருப்பது 8 மி.கி. அந்தப் பருப்பு ஒருவருக்கு மட்டும் கொதிக்கவில்லையே! நாலு பேர் வீட்டுச் சட்டி என்றால் உங்கள் பங்கு 2 மி.கி. அதையும் கொதிக்க வைத்துவிட்டீர்கள். சூட்டில் எல்லாமே போய்விடும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் நேரம் கூடக் கூட அழிவும் கூடும். அப்புறம் காலையில் செய்த பருப்பை மத்தியானம் மறுபடி சூடாக்குவீர்கள். முருங்கைக்கீரையிலேயே பச்சையாக இருக்கும்போது நிறைய வைட்டமின் சி உண்டு. வேகும்போது அதிலும் ஒரு பங்கு கழிந்துவிடும், வெந்த தண்ணீரை வடித்தால் அதோடு இன்னொரு பங்கு.

எலுமிச்சையைப் பற்றி நம் வீடுகளில் இருக்கும் நம்பிக்கை அதன் புளிப்பிலிருந்து வந்தது என்பது என் கணிப்பு. புளிப்பு வேறு, வைட்டமின் சி வேறு. புளி எவ்வளவு புளித்தாலும் அதில் வைட்டமின் சி பெயருக்குத்தான். கொய்யா இனிக்கிறது, ஆனால் எலுமிச்சைச் சாற்றைப் போல ஐந்தாறு மடங்கு வைட்டமின் சி வைத்திருக்கிறது. இதைச் சொன்னால் என் மாமியார் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார். எலுமிச்சைக்குப் பரிந்து ஒன்று சொல்லலாம்: அதன் புளிப்புக்குக் காரணமான சிட்ரிக் அமிலமும் தன் பங்குக்கு இரும்பைக் கரைந்த நிலையில் வைத்திருக்கக் கொஞ்சம் உதவும். எனவே எலுமிச்சையை விட வேண்டாம், அதை மட்டும் நம்ப வேண்டாம்.

மதிய டப்பாவை இப்படி மாற்றிப் பாருங்கள். பருப்பும் கீரையும் வழக்கம்போல. தனியாக ஒரு சின்ன டப்பாவில் பாதித் தக்காளி, வெள்ளரி, கொஞ்சம் வெங்காயம், ஒரு பச்சை மிளகாய் எல்லாவற்றையும் பச்சையாக நறுக்கிக்கொள்ளுங்கள். ஒரு முழு லீமாவ் நிப்பிஸை அறுக்காமல் பையில் போட்டுக்கொண்டு போங்கள். சாப்பிட உட்காரும்போது பிழிந்து கலந்துகொள்ளலாம். தக்காளியில் 8, பச்சை மிளகாயில் 10-க்கு மேல், எலுமிச்சையில் 5 என்று எடுத்தால் 25 மி.கி. பக்கத்தில் வந்துவிடும். பச்சை மிளகாயை ஒதுக்கி வைத்தால் கணக்கு பாதியாகிவிடும், அதைக் கடித்துத்தான் ஆக வேண்டும். காரம் ஆகாது என்றால் குடைமிளகாயைப் பச்சையாக நறுக்கிப் போடலாம்.

மீதிக்கு ஜம்பு. பசாரில் வாங்கும் பெரிய கொய்யாவில் கால் பங்கு போதும். வகைக்கு வகை அளவு மாறும் என்றாலும் குறைத்து மதிப்பிட்டாலே 50 மி.கி.க்குக் குறையாது. கடைசிக் கவளம் உள்ளே போனதும் கொய்யாவைக் கடிக்கலாம், அதுவும் ஒரே வேளைக் கணக்குதான். தெருவோரக் கடையில் ஆசாம் போய் தூவித் தருகிற துண்டுகள் என்றாலும் பரவாயில்லை, உப்பைத்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். கொய்யா பிடிக்காவிட்டால் ஒரு கீற்று பப்பாளி.

இதனால் என்ன கிடைக்கும்? அந்த 5 மி.கி. இரும்பில் தேயும் ஃபைட்டேட்டும் சேர்ந்து பிடித்தது போக இருபதில் ஒரு பங்கு ஏறினால் 0.25 மி.கி. பத்தில் ஒரு பங்காக உயர்ந்தால் 0.5 மி.கி. மாதவிடாய் உள்ள பெண்ணுக்கு ஒரு நாளில் சராசரியாக 1.5 மி.கி. அளவுக்கு இரும்பு வெளியேறும். ஒரு வேளைச் சாப்பாட்டில் இந்த வித்தியாசம் சின்னதில்லை. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரையும் இந்த ஏற்றத்தை வைத்தே எண்ணைப் போடுகிறது. உணவிலிருந்து 10 விழுக்காடு ஏறினால் பெண்களுக்குத் தினம் சுமார் 29 மி.கி. தேவை, 15 விழுக்காடு ஏறினால் 20 மி.கி.யே போதும்.

ஆனால் இதன் எல்லையையும் சொல்ல வேண்டும். ஒரு வேளைச் சாப்பாட்டை மட்டும் அளந்த சோதனைகளில் வைட்டமின் சி இரண்டு மூன்று மடங்கு ஏற்றம் காட்டும். பல நாள் முழு உணவையும் சேர்த்து அளந்தால் அந்த ஏற்றம் அவ்வளவு பெரிதாக வருவதில்லை. ஃபெரிட்டின் என்பது உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் எண். பெரியவர்களுக்கு 15-க்குக் கீழே போனால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். 9-இல் இருக்கிற நீங்கள் எலுமிச்சையாலும் கொய்யாவாலும் மட்டும் அந்தப் பள்ளத்தை நிரப்பப் பார்த்தால் மாதக்கணக்கில் இழுக்கும். மாத்திரை வேண்டும்.

வயிற்றைப் புரட்டுகிறது என்பதை மாத்திரை தந்த டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். இரும்பு மாத்திரை போட்டதும் அடுத்த ஒரு நாளுக்கு உடல் இரும்பு வாசலைக் கொஞ்சம் சாத்திவைக்கும். அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கும் முறையும் இப்போது இருக்கிறது, பலருக்கு வயிறும் அதில் ஒத்துழைக்கிறது. இன்னொன்று, மாத்திரையை எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கினால்தான் வேலை செய்யும் என்பது கட்டாயமில்லை. 2020-இல் சீனாவில் 440 பேரிடம் செய்த சோதனையில் மாத்திரையோடு வைட்டமின் சி எடுத்தவர்களுக்கும் மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்கும் இரண்டு வாரத்தில் ஹீமோகுளோபின் ஏறக்குறைய ஒரே அளவில்தான் ஏறியது. மாத்திரையில் இருக்கும் இரும்பு ஏற்கனவே சரியான வடிவில், நிறைய இருப்பதே காரணம். வைட்டமின் சியின் உதவி அதிகம் தேவைப்படுவது தட்டில் இருக்கிற கீரைக்கும் பருப்புக்கும்தான். தேயை மட்டும் மாத்திரையிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

மாத்திரையை ஒழுங்காக எடுத்தால் மூன்று நான்கு வாரத்தில் ஹீமோகுளோபின் 2 கிராம் அளவுக்கு ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் உணவில் தேடுவதை நிறுத்திவிட்டு, மாதவிடாய்ப் போக்கு அதிகமா, வயிற்றுக்குள் எங்காவது ரத்தம் கசிகிறதா என்று டாக்டர் பார்க்க வேண்டும். நம் நாட்டில் தலசீமியா மரபணுவைச் சுமப்பவர்களும் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு இரும்பு போதுமான அளவு இருந்தாலும் ஹீமோகுளோபின் 11 பக்கத்திலேயே நின்றுவிடலாம். உங்கள் ஃபெரிட்டின் 9 என்பதால் இரும்புக் குறைவு நிச்சயம், ஆனால் இரண்டும் சேர்ந்தே இருக்கவும் முடியும். ஃபெரிட்டின் சரியான பிறகும் ஹீமோகுளோபின் நகராமல் நின்றால் தலசீமியா பரிசோதனையைக் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். இரும்பு குறைவாக இருக்கும்போதே செய்தால் சில வகைகள் பரிசோதனையில் தெரியாமல் ஒளிந்துகொள்ளும்.