எப்போதும் LATE: ப்ளூடூத்தில் பிந்தும் தாளத்தைச் சரிசெய்வது எப்படி?

கேள்வி: கைப்பேசியில் ரிதம் கேம் ஆடுகிறேன். ப்ளூடூத் இயர்பட்ஸ் வாங்கியதிலிருந்து, பாட்டோடு சேர்ந்து தட்டினாலும் LATE என்றே வருகிறது. வேறு கைப்பேசி வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கத்தான் வேண்டுமா?

வேண்டாம். ப்ளூடூத்தில் போகும் ஒலி சுருக்கப்பட்டு, அனுப்பப்பட்டு, இயர்பட்ஸில் மீண்டும் விரிக்கப்பட்ட பிறகே காதுக்கு வருவதால், பெரும்பாலும் 150 முதல் 250 மில்லிவினாடி வரை பிந்துகிறது. நிமிடத்துக்கு 150 தட்டுகள் கொண்ட பாட்டில் ஒரு தட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே 400 மில்லிவினாடிதான். 180 மில்லிவினாடி பிந்தினால் ஏறக்குறைய அரைத் தட்டு போய்விடும்.

கேமின் அமைப்புகளில் இந்தத் தாமதத்தை ஈடுகட்ட ஆஃப்செட் அல்லது காலிபரேஷன் என்ற பகுதி இருக்கும். அங்கே கண்ணை மூடிக்கொண்டு, காதில் விழும் தாளத்துக்கு மட்டும் முப்பது முறை தட்டுங்கள். திரையைப் பார்த்தால் கை படத்தின் பின்னால் போய்விடும். இதை மூன்று முறை செய்து 172, 185, 178 என்பதுபோல் நெருங்கிய எண்கள் வந்தால், நடுவில் உள்ள 178ஐ வைத்துக்கொள்ளலாம். 120, 210, 160 என்று சிதறினால் கை இன்னும் நிலைப்படவில்லை, அல்லது இணைப்பின் தாமதமே மாறிக்கொண்டிருக்கிறது. அதற்கு எந்த எண்ணும் உதவாது. எண்ணைக் கூட்டுவதா குறைப்பதா என்பதில் ஒவ்வொரு கேமும் ஒரு வழக்கம் வைத்திருப்பது எனக்கு இன்றும் எரிச்சல் தருகிறது. ஒரு பக்கம் 50 நகர்த்தி ஆடிப்பாருங்கள்; LATE கூடினால் அது தவறான பக்கம்.

படத்துக்குத் தனி அமைப்பு இருந்தால், ஒலியை அணைத்துவிட்டு ஒளிரும் குறிக்கு ஏற்பத் தட்டி அளவிடுங்கள். தொலைக்காட்சியில் ஆடுவோர் முதலில் அதன் கேம் மோடை இயக்கிவிட வேண்டும்.

ஒன்றை மட்டும் ஆஃப்செட்டால் சரிசெய்ய முடியாது. பாட்டின் தாளம் எப்போது வரும் என்பது கேமுக்கு முன்பே தெரியும் என்பதால், பாட்டையும் தட்டலின் மதிப்பீட்டையும் ஒன்றுக்கொன்று நகர்த்திப் பொருத்திவிட முடிகிறது. நீங்கள் எப்போது தட்டுவீர்கள் என்பதோ அதற்குத் தெரியாது. தட்டியவுடன் எழும் ஒலி தட்டிய பிறகுதான் புறப்படுகிறது. ஆகவே அது ப்ளூடூத்தில் 180 மில்லிவினாடி பிந்தியே கேட்கும், அதைக் கேட்டுக் கை தயங்கி மறுபடியும் பிந்தும். அந்த ஒலியை அமைப்புகளில் அணைத்துவிடுங்கள். பியானோ கேம்போல உங்கள் தட்டலே இசையாகும் விளையாட்டென்றால், கம்பியுள்ள இயர்போனுக்கு மாறுவதே நல்லது.

'ஜீரோ லேட்டன்சி' என்று பெட்டியில் அச்சிட்டு விற்கும் இயர்பட்ஸை நம்பி ஏமாறாதீர்கள். அவற்றின் கேமிங் மோட் தாமதத்தைக் குறைக்கும், பூச்சியமாக்காது. அதை இயக்கிய பிறகே அளவிடுங்கள், ஏனெனில் தாமதம் மாறிவிடும். நூறு ரூபாய் இயர்போனை நேரே செருகும் வசதியைப் பல நிறுவனங்கள் கைப்பேசியிலிருந்து எடுத்துவிட்டு, நம்மை இந்தக் கணக்குக்குள் தள்ளியிருக்கின்றன. அத்தகைய கைப்பேசியாக இருந்தால், ஒலியை மாற்றும் சில்லு உள்ளே இருக்கும் டைப்-சி இணைப்பானைக் கேட்டு வாங்குங்கள். கம்பிக்கு மாறும்போது பழைய 178ஐ அப்படியே விட்டால் எல்லாம் EARLY என்று வரும்; கம்பியோடு மீண்டும் ஒருமுறை அளந்து, இரண்டு எண்களையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.