கம்பனிகள் ஒன்றிணையும்போது சேமலாப நிதியும் சேவைக்காலமும்

“யாழ்ப்பாணக் கிளையில் 17 வருட சேவை. கம்பனி இன்னொன்றுடன் இணைவதால் இராஜினாமாச் செய்து புதிய நியமனம் எடுக்கச் சொல்கிறார்கள். எழுதிக் கொடுக்கலாமா?”

கொடுக்காதீர்கள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒன்றிணைந்தால், பழைய கம்பனியின் கடப்பாடுகள் இணைந்த கம்பனியையே சேரும்.

பணிக்கொடைக் கணக்கைப் புதிதாகத் தொடங்குவதற்கே இராஜினாமாவைக் கேட்கிறார்கள் என நினைக்கிறேன். இன்றைய சம்பளம் 60,000 ரூபா என்றால், வருடமொன்றுக்கு அரைமாதச் சம்பளம் வீதம் 17 வருடத்துக்கு 510,000 கிடைக்கும். புதிய நியமனத்தில் 5 வருடம் நிறையாமல் விலகினால் அதற்கு எதுவுமில்லை. சேவை தொடர்ந்து, 3 வருடத்தின் பின் 80,000 சம்பளத்தில் விலகினால், 20 வருடத்துக்கும் 800,000 கிடைக்கும்.

கம்பனியின் சொந்தச் சேமலாப நிதியம் வேறு விடயம். அப்பணம் கம்பனியின் சொத்தன்று. அங்கத்தவர்களுக்காக நம்பிக்கைப் பொறுப்பாளர்கள் வைத்திருப்பது. இணைவுத் திகதிக்கு முந்திய நாளின் மீதிக்கூற்றை எழுத்தில் பெற்று, கடைசி மாதத்தின் உங்கள் பங்கும் கம்பனியின் பங்கும் அதில் பதிவாகியுள்ளனவா என்று பாருங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: ஒன்றிணைப்பன்றி வியாபாரத்தை மட்டும் விற்கிறார்கள் என்றால் சேவைத் தொடர்ச்சி தானாக வராது, பழைய சேவையை ஏற்பதாகப் புதிய தொழில்தருநரிடம் கடிதம் வாங்க வேண்டும்.