ஒரே தலை, சி.டி.யில் ஒரு மாதிரி, எம்.ஆர்.ஐ.யில் வேறு மாதிரி ஏன்?

“அப்பாவுக்கு எடுத்த சி.டி.யில் மண்டையோடு பளிச்சென்று வெள்ளை. எம்.ஆர்.ஐ.யில் அதே இடம் கறுப்பு. எது சரி?”

இரண்டும் சரி. சி.டி. என்பது பல கோணங்களிலிருந்து எக்ஸ்ரே செலுத்தி, எந்த இடம் எவ்வளவு கதிரைத் தடுக்கிறது என்று கணக்கிடும் படம். எலும்பு அதிகம் தடுப்பதால் வெள்ளை. எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ்ரே கிடையாது. காந்தப்புலத்தில் நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் தரும் சமிக்ஞையே படமாகிறது. கெட்டியான எலும்பில் அந்தச் சமிக்ஞை மிகக் குறைவு, ஆகவே கறுப்பு. (ஓட்டுக்கு வெளியே தெரியும் வெள்ளை வளையம் தோலடிக் கொழுப்பு.)

தேங்காய் வாங்கும்போது ஓட்டைத் தட்டிப் பார்ப்பது ஒன்று, காதருகே ஆட்டித் தண்ணீர்ச் சத்தம் கேட்பது இன்னொன்று. காய் ஒன்றுதான், நாம் கேட்கும் கேள்வி வேறு.

மூளைக்குள்தான் வித்தியாசம் பெரிது. கதிரைத் தடுக்கும் அளவைக் குறிக்கும் சி.டி. அளவுகோலில் நீர் 0, காற்று -1000. மூளையின் சாம்பல் பகுதி 40-க்கு அருகே, வெண்பகுதி 30-க்கு அருகே. அதனால் இரண்டும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகத் தெரியும். நீரின் அளவிலும் தன்மையிலும் அவை வேறுபடுவதால் எம்.ஆர்.ஐ. தெளிவாகப் பிரித்துக் காட்டும். ரத்தக்குழாய் அடைத்த பக்கவாதத்தில் முதல் சில மணி நேரம் சி.டி. இயல்பாகவே தோன்றலாம், நீர் மூலக்கூறுகளின் நகர்வைக் காட்டும் எம்.ஆர்.ஐ.யின் டிஃப்யூஷன் படத்தில் பாதிக்கப்பட்ட இடம் பெரும்பாலும் பளிச்சிடும்.

அதற்காக எம்.ஆர்.ஐ.தான் எப்போதும் மேல் என்று நினைக்க வேண்டாம்: தலையில் அடிபட்டு வந்தவருக்குப் புது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் சில நிமிடங்களில் காட்டுவது சி.டி.தான்.