ஷேர் செய்த படம் மறைந்துவிட்டால் எங்கே தேடுவது?

"அண்ணா, எங்கட அம்மப்பா கூத்து அண்ணாவியார். 2017இல் கோயிலடியில் நடந்த அரங்கேற்றத்தில் அவர் மத்தளத்தோடு நிற்கிற படங்களை, எடுத்தவரே பேஸ்புக்கில் போட்டிருந்தார். நான் ஷேர் பண்ணி வைத்திருந்தேன். அம்மப்பா போன கிழமை காலமாகிவிட்டார். 31ஆம் நாள் கல்வெட்டுப் புத்தகத்தில் போட அந்தப் படத்தைத் தேடினால், 'This content isn't available right now' என்று மட்டும் கிடக்குது. நான் எழுதினதும் ஆட்களின் கொமெண்டுகளும் அப்படியே இருக்கு. படம் போட்டவரின் பக்கத்தையும் காணேல்ல. எப்படி எடுக்கிறது?"
– களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகி

உங்கள் பதிவிலிருந்து எடுக்க முடியாது தங்கச்சி. அந்தப் படம் ஒருநாளும் உங்கள் பதிவுக்குள் இருந்ததில்லை. அதனால் படமே போய்விட்டது என்று மனம் விட்டுவிடாதீர்கள். தேட வேண்டிய இடம்தான் வேறு.

கூத்துக் கொப்பி இன்னார் வீட்டில் இருக்கிறது என்று ஒரு துண்டில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்தால் எப்படியோ, பேஸ்புக்கில் ஷேர் செய்வதும் அப்படித்தான். கொப்பி அந்த வீட்டில்தான் இருக்கும், உங்களிடம் இருப்பது துண்டு மட்டும். உங்கள் பதிவை யாராவது திறக்கும் ஒவ்வொரு தடவையும் பேஸ்புக் மூலப் பதிவைத் தேடிப் போகும். அது இன்னும் இருக்கிறதா, திறக்கிற இந்த ஆள் அதைப் பார்க்கலாமா என்று இரண்டையும் பார்க்கும். ஒன்றுக்கு 'இல்லை' என்று வந்தாலும் படம் இருந்த இடத்தில் அந்த ஆங்கில வரிதான் வரும். நீங்கள் மேலே எழுதியதும், உங்கள் பதிவின் கீழ் ஆட்கள் போட்ட கொமெண்டுகளும் உங்களுடையவை என்பதால் அவை அசையவில்லை. Saved பட்டியலில் போட்டு வைத்ததும், உங்களை டேக் செய்த படமும் இதே கதைதான். பெயர் உங்களுடையதாக இருக்கும், படம் போட்டவருடையது.

அந்த வரி காரணத்தைச் சொல்லாது. அவர் கணக்கைத் தானே நிறுத்தி வைத்தாலும், முழுதாக அழித்தாலும், பேஸ்புக் அதை முடக்கினாலும், பதிவை நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றினாலும், உங்களை புளொக் பண்ணினாலும் உங்கள் திரையில் தெரிவது ஒன்றுதான். காரணம் தெரிந்தால்தான் அடுத்த வேலையைத் தொடங்கலாம். அதைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும்.

முதலில் வேறொருவரின் போனில் பாருங்கள். படம் எடுத்தவருக்கு நண்பராக இருக்கக்கூடிய ஊர்க்காரர் ஒருவர், கூத்தில் ஆடிய யாராவது என்றால் நல்லது. அவருடைய கணக்கில் படம் எடுத்தவரின் பெயரைத் தேடச் சொல்லுங்கள், நண்பர் பட்டியலிலும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே பக்கம் திறந்தால் கணக்கு உயிரோடுதான் இருக்கிறது. அப்படியென்றால் ஒன்றில் அவர் உங்களை புளொக் பண்ணியிருக்கிறார், அல்லது பதிவை மறைத்துப் பெயரையும் மாற்றியதால் உங்கள் தேடலில் அகப்படவில்லை. அங்கேயும் பக்கம் இல்லையென்றால் கணக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது, அழிக்கப்பட்டிருக்கிறது அல்லது முடக்கப்பட்டிருக்கிறது. உங்கள் பழைய பதிவின் கீழ் அவர் கொமெண்ட் போட்டிருந்தார் என்று நினைவிருந்தால் அதையும் பாருங்கள். கணக்கை நிறுத்தியவரின் கொமெண்டும் கூடவே மறைந்துவிடும், பதிவை மட்டும் மறைத்தவரின் கொமெண்ட் பெயரோடு நிற்கும்.

பிறகு மெசெஞ்சரில் அவரோடு கதைத்த பழைய உரையாடல் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் போய் Facebook user என்று இருந்தால் கணக்கு அழிக்கப்பட்டிருக்கலாம். பெயர் இன்னும் நின்றால் ஒரு செய்தி போட்டுப் பாருங்கள். பேஸ்புக்கை நிறுத்தி வைத்துவிட்டு மெசெஞ்சரை மட்டும் தொடர்ந்து பாவிக்க இடம் இருக்கிறது, நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். பக்கம் இல்லையே என்று செய்தி போடாமல் விட்டுவிட வேண்டாம்.

அவர் தானே நிறுத்தி வைத்திருந்தால், திரும்ப ஒருமுறை லொகின் பண்ணினாலே எல்லாம் பழையபடி வரும். உங்கள் ஷேரும் தானாக உயிர் பெறும். அதனால்தான் அந்த வெறும் பதிவை எக்காரணம் கொண்டும் அழிக்க வேண்டாம் என்கிறேன். அவர் கணக்கை அழிக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் மனம் மாற 30 நாள் உண்டு, அதற்குள் லொகின் பண்ணி அழிப்பதை நிறுத்தலாம். அது கடந்தால் பேஸ்புக்கில் இருந்து படம் வராது. பேஸ்புக் முடக்கியிருந்தால் மேன்முறையீடு செய்ய வேண்டியவர் அவர்தான், நீங்களோ நானோ அவருக்காகச் செய்ய முடியாது. அதற்கு 180 நாள் அவகாசம் உண்டு. அவர் காலமாகிவிட்டாரோ என்ற பயமும் வரலாம். இறந்தவரின் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றினால் பெயரோடு Remembering என்று வரும், பதிவுகள் அப்படியே இருக்கும். வீட்டார் கேட்டு அகற்றினால் மறையும்.

நான் மட்டக்களப்பில் போன், கம்ப்யூட்டர் திருத்துகிறவன். இந்த வரியோடு கடைக்கு வருகிறவர்களில் பலருக்குக் கணக்கு முடங்கியிருப்பதில்லை, போட்டவர் தன் பக்கத்தை மூடியிருப்பார். திருக்கோவிலில் இருந்து ஓர் ஆசிரியர் வந்தார். பழைய மாணவன் போட்ட பாடசாலைப் படங்களை ஷேர் செய்திருந்தார். அவருக்குத் தெரியவில்லை, அவருடைய தங்கைக்கு அதே பதிவில் படம் தெரிந்தது. போன் பழுது என்று நினைத்து என்னிடம் கொண்டுவந்துவிட்டார். மாணவன் புரொஃபைலை லொக் பண்ணியிருந்தான். அப்படிப் பண்ணினால் பழைய பொதுப் பதிவுகளும் நண்பர்களுக்கு மட்டும் என்று மாறிவிடும். தங்கை அவனுடைய நண்பர், ஆசிரியர் இல்லை. நட்பு அழைப்பு அனுப்பினார், அவன் ஏற்ற உடனே ஆசிரியரின் பழைய ஷேரில் படம் வந்துவிட்டது. ஆனால் அவருடைய பதிவைப் பார்த்த மற்ற மாணவர்களுக்கு இன்னும் வெறும் பெட்டிதான், அவர்கள் அவனுடைய நண்பர்கள் இல்லையே. உங்களுக்குப் படம் திரும்பத் தெரிந்தாலும் மற்றவர்களுக்கும் தெரிகிறது என்று எண்ணிவிடாதீர்கள். தெரிந்த கையோடு படத்தை போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் பக்கத்தை மூடியிருந்தால் அது அவருடைய உரிமை. தொல்லை தாங்க முடியாமல் மூடியவர்கள் எத்தனையோ பேர். 'ஏன் மறைத்தீர்கள்' என்று கேட்காமல் இன்னாருடைய பேத்தி, கல்வெட்டுக்காக, இந்தத் தேதிக்குள் வேண்டும் என்று நேராகச் சொல்லிக் கேளுங்கள். கேட்கும்போது பேஸ்புக்கில் போட்ட படத்தைக் கேட்காதீர்கள், கெமராவிலிருந்து எடுத்த மூலக் கோப்பைக் கேளுங்கள். பேஸ்புக் படத்தைச் சுருக்கித்தான் வைக்கும். பெரிய படத்தின் நீளப் பக்கமே 2048 புள்ளிகளில் நின்றுவிடும். அச்சகத்தில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி கேட்பார்கள் என்று வைத்தால் ஏறக்குறைய 7 அங்குலம். A5 அளவுக் கல்வெட்டின் உள்ளே ஒரு பக்கத்தில் ஓரம் விட்டுப் போட அது போதும். அட்டை முழுவதும் போடவோ, கூட்டத்தில் இருந்து அம்மப்பாவின் முகத்தை மட்டும் வெட்டி எடுக்கவோ போதாது. படம் எடுக்கிறவர்கள் மெமரி கார்ட்டை அழித்தாலும் ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருப்பார்கள். 2017, கூத்து அரங்கேற்றம், கோயிலின் பெயர் இந்த மூன்றையும் சொன்னால் தேடுவது அவருக்கும் லேசு.

அவர் அகப்படவே இல்லையென்றால், ஷேர் பண்ணாமல் படத்தை இறக்கி எடுத்தவர் யார் என்று தேட வேண்டும். அப்படி இறக்கித் தன் பெயரில் மறுபடி போட்டவரின் படம், மூலக் கணக்கு போனாலும் போகாது. ஊர்க் குழுவிலும் கோயில் பக்கத்திலும் ஊர்ப் பெயரும் 'கூத்து' என்ற சொல்லும் போட்டுத் தேடுங்கள். அதற்குப் பிறகு வட்ஸ்அப். அந்த வருடத்தில் குடும்பக் குழுவுக்கு யாராவது அனுப்பியிருந்தால், பெற்றவரின் போனில் அது தனிப் பிரதியாகவே இருக்கும், பேஸ்புக் கணக்கோடு அதற்குச் சம்பந்தம் இல்லை. அண்ட்ரொயிட் போனில் கோப்புகளுக்குள் போய்ப் பார்க்க வேண்டிய இடம் இது:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Media/WhatsApp Images
```

பழைய போன் என்றால் WhatsApp/Media/WhatsApp Images என்று மட்டும் இருக்கும். கோப்பின் பெயரில் அது வந்து சேர்ந்த தேதி இருக்கும். IMG-20170615-WA0004.jpg என்றால் 2017 ஜூன் 15. அரங்கேற்றம் நடந்த மாதம் தெரிந்தால் அந்த எண்களைப் பிடித்துப் போகலாம். போன் மாற்றியவர்களிடம் பழைய போன் அலுமாரிக்குள் கிடக்கிறதா என்று கேளுங்கள், சார்ஜ் ஏறாவிட்டாலும் பட்டரி மாற்றிப் பார்க்கலாம். வெளிநாட்டில் இருக்கும் மாமா, சித்தி ஆட்களையும் கேளுங்கள். ஊர்ப் படங்களை அழிக்காமல் வைத்திருப்பது பெரும்பாலும் அவர்கள்தான். வட்ஸ்அப்பில் வந்தது பேஸ்புக் படத்தைவிடச் சிறியதாக இருக்கும், அரைப் பக்கத்துக்குள் வைத்தால் முகம் தெளிவாக வரும்.

பேஸ்புக்கில் உங்கள் தரவுகளை இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறதே என்று ஒருவர் சொல்லக்கூடும். அதில் நீங்கள் எழுதியவை வரும், மற்றவரின் படம் வராது. மறைந்த பதிவை மீட்டுத் தருகிறோம் என்று காசு கேட்டும், பாஸ்வேர்டும் போனுக்கு வரும் இலக்கமும் கேட்டும் வருகிறவர்களை நம்ப வேண்டாம். அப்படி எடுக்கிற மென்பொருள் ஒன்றும் இல்லை, கொடுத்தால் உங்கள் கணக்கும் சேர்ந்து போகும்.

இன்னொன்று. உங்கள் பதிவின் கீழ் இருக்கும் கொமெண்டுகளை இன்றே ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கள். தருமர் ஆடினது யார், பிற்பாட்டுப் பாடினது யார், தாளம் போட்டது யார் என்று ஆட்கள் அதில் எழுதியிருக்கக்கூடும். அம்மப்பாவிடம் பழகினவர்கள் யார் என்று அதிலிருந்து தெரியும், அவர்கள் ஒவ்வொருவரிடமும் அன்றைக்கு எடுத்த வேறு படமும் இருக்கலாம்.

காலமாகி ஒரு கிழமை என்கிறீர்கள். அச்சகத்துக்கு எத்தனை நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும் என்று முதலில் கேட்டு, படத்துக்குரிய பக்கத்தைக் கடைசியாகப் பூட்டச் சொல்லுங்கள். படம் எடுத்தவருக்கு இன்றே செய்தி போடுங்கள். அவர் பதிலுக்குக் காத்திராமல் வட்ஸ்அப் தேடலையும் கூடவே தொடங்கிவிடுங்கள். கிடைத்தால் படத்தை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பச் சொல்லாமல் Document ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்போதுதான் அது சுருங்காமல் வந்து சேரும்.