தூங்கி எழுந்ததும் கழுத்துப் பிடித்துக்கொண்டால்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு 38 வயது. பாம்பனில் விசைப்படகுத் தொழில். நேற்று ராத்திரி கடலில் வலைக் குவியல் மேல் தலையைச் சாய்த்துத் தூங்கியிருக்கிறார். எழுந்ததிலிருந்து கழுத்தை வலப்பக்கம் திருப்ப முடியவில்லை. காய்ச்சல் இல்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர், ஒரு திருகு திருகினால் சரியாகிவிடும் என்கிறார். விடலாமா? நாளை மறுநாள் டோக்கன் எடுத்துக் கடலுக்குப் போக வேண்டும்.

பதில்: திருக விடாதீர்கள். கழுத்து எலும்புகளில் இருக்கும் துளைகள் வழியாகத்தான் மூளையின் பின்பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் மேலே ஏறுகின்றன. வெடுக்கென்று திருகும்போது, அபூர்வமாக, அந்தக் குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போனதுண்டு. தானாகவே ஆறக்கூடிய வலிக்கு அந்த ஆபத்து எதற்கு? சலூனில் நெட்டி முறிப்பதற்கும் இதே பதில்தான்.

வலைக் குவியலில் தலை ஒரு பக்கமாகத் தொங்கியபடி பல மணி நேரம் கிடந்திருக்கும். கழுத்திலிருந்து தோள்பட்டை எலும்பின் மேல் மூலைக்கு வரும் தசை இழுபட்டு, அங்குள்ள சிறு மூட்டுகளும் எரிச்சலாகி, இனி அசைய விடக்கூடாது என்று தசை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தளரும். முழுதாக விட ஒரு வாரம் வரை ஆகலாம்.

முதலில் சூடு. கல்லுப்பை வாணலியில் வறுத்துப் பருத்தித் துணியில் முடிந்துகொள்ளுங்கள். அதை உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பாருங்கள். பொறுக்கிற சூடாக இருந்தால் மட்டும் அவருக்கு வையுங்கள். வலிக்கிற பக்கத்துக் கழுத்திலும் தோளிலும் 15 நிமிடம், நாளுக்கு மூன்று நான்கு தடவை போதும். தைலம் தேய்த்த இடத்தில் ஒத்தடம் கொடுக்காதீர்கள், தோல் வெந்துவிடும். சர்க்கரை நோயால் மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் அசைவைத் தொடங்க வேண்டும். மல்லாந்து படுத்து, தலைக்கு மடித்த துண்டு ஒன்று வைக்கட்டும். தலையைத் தூக்காமல், முதலில் வலியில்லாத இடப்பக்கம் மெதுவாக உருட்டச் சொல்லுங்கள். அப்புறம் வலப்பக்கம். ‘இழுக்கிறது’ என்று தோன்றும் இடத்தில் நிறுத்தி, இரண்டு மூச்சு விட்டுவிட்டு நடுவுக்கு வர வேண்டும். ஐந்து தடவை போதும். விழித்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை செய்யலாம். இது சுலபமானதும், நிமிர்ந்து உட்கார்ந்து அதையே செய்யலாம், தோள்களையும் பின்பக்கமாகச் சுழற்றலாம். செய்த பிறகு கொஞ்சம் வலித்துச் சில நிமிடத்தில் அடங்கினால் அளவு சரி. அரை மணி நேரம் ஆகியும் வலி ஏறியே இருந்தால் அதிகம் செய்துவிட்டார், அடுத்த முறை குறைக்க வேண்டும். கழுத்துப் பட்டையும் முழு நாள் படுக்கையும் வேண்டாம். அசையாத கழுத்து இன்னும் இறுகும்.

வலி தாங்கவில்லையென்றால் 650 மில்லிகிராம் பாராசிட்டமால், ஆறு மணி நேர இடைவெளியில் ஒவ்வொன்றாக, நாளுக்கு நான்குக்கு மேல் வேண்டாம். கல்லீரல் கோளாறோ, தினமும் குடிக்கும் பழக்கமோ இருந்தால் டாக்டரைக் கேட்டுத்தான்.

கடலுக்குப் போவதைத் தேதி பார்த்து முடிவு செய்யாதீர்கள். உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் திருப்பி வலத் தோளுக்குப் பின்னால் பார்க்க முடிகிறதா? இரண்டு கையையும் உயர்த்தி, கயிறு இழுப்பது போல் செய்யும்போது வலிக்காமல் இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் போகலாம். இல்லையென்றால், ஓடும் படகில் பக்கத்தில் வருவதைத் திரும்பிப் பார்க்க முடியாதவர் கரையில் இருப்பதுதான் சரி. போனால் தலைக்கு மடித்த கைலி வைத்து, மல்லாந்தோ ஒருக்களித்தோ தூங்கட்டும், குப்புற வேண்டாம்.

இனி, காத்திருக்கக் கூடாத நிலைமைகள். சாதாரணப் பிடிப்பில் பக்கவாட்டில் திரும்புவதுதான் கஷ்டம், தாடையை ஓரளவாவது நெஞ்சுப் பக்கம் குனிய முடியும். காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தியுடன் தாடை குனியவே மறுத்தால் அது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம். இதுவரை வராத மாதிரி திடீர் வலியுடன் தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம் வந்தாலும், கழுத்து வலியோடு நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் சேர்ந்தாலும், உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். படகில் வழுக்கி விழுந்த பிறகு வந்த வலி, கை மரத்துப் பலம் குறைவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது ஆகியவற்றுக்கும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கையில் பிடித்த பொருள் நழுவுவதும் இந்தக் கணக்கில்தான். இவை எதுவும் இல்லாமல், ஒரு வாரமாகியும் குறையாத வலிக்கோ ராத்திரியில் அதிகமாகும் வலிக்கோ புறநோயாளி பிரிவுக்குப் போனால் போதும்.

பலர் கேட்க மறக்கும் ஒன்று உண்டு: கடந்த ஓரிரு நாளில் வாந்திக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்தாரா? மெட்டோகுளோபிரமைடு போன்ற சில மருந்துகள் கழுத்தைத் தானாக ஒரு பக்கம் முறுக்கிவிடும். கண் மேலே சொருகுவது, நாக்கு இழுப்பது கூடவே வரலாம். அதற்கு ஒத்தடம் பலிக்காது. மருந்து அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள். பெரும்பாலும் ஒரு ஊசியில் தளர்ந்துவிடும்.